நோட்டா ஆப்பா? ஒரு வாரம் உங்க வேலையக் கவனிச்சுட்டு முடிவெடுங்க

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் புதுசா தொழில் ஆரம்பிக்கிறவங்க, வீட்டுல இருந்தே ஆர்டர் எடுத்து செய்யுறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி இது. வேலைய மறக்காம இருக்க ஒரு நோட்டு போடலாமா இல்ல போன்ல ஆப் இறக்கலாமா? கேட்ட கையோட எந்த ஆப் நல்லா இருக்கும்னு அடுத்த கேள்விக்குப் போயிடுறாங்க, அங்கதான் சிக்கல், ஏன்னா ஆப்புல என்னென்ன வசதி இருக்குன்னு பாத்து தேர்ந்தெடுத்தா ரெண்டு வாரத்துல அது போன்ல ஒரு மூலையில கிடக்கும், அட்டை அழகா இருக்குன்னு வாங்குன நோட்டும் பத்து பக்கத்தோட நின்னுரும்.

பாக்க வேண்டியது ரெண்டே விஷயம்தான். வேலை உங்ககிட்ட எந்த வழியா வந்து சேருது, அத உங்களுக்கு ஞாபகப்படுத்த மணி அடிக்கணுமா இல்ல கண்ணு முன்னாடி இருந்தாப் போதுமா. நோட்டுக்கு மணி அடிக்கத் தெரியாது. ஆப்பு நீங்க திறக்காதவரைக்கும் கண்ணுல படாது. இந்த ரெண்டுல உங்க வேலைக்கு எது பெரிய குறைன்னு தெரிஞ்சாப் போதும், மிச்சத்த எளிதா முடிவு பண்ணிடலாம்.

முதல்ல ஒரு வாரத்துத் தாள்

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க, இறக்காதீங்க. ஒரு வெள்ளத் தாள நாலா மடிச்சு சட்டைப் பையிலயோ, சமையக்கட்டுல கை எட்டுற எடத்துலயோ ஒரு பென்சிலோட வச்சுக்கங்க. ஏழு நாளைக்கு, உங்களுக்கு வர்ற ஒவ்வொரு வேலையும் அது வந்த உடனே ஒரே வரியில எழுதணும், அவ்வளவுதான். மளிகைக்கடைப் பாக்கி குடுக்கணும்ங்கிற மாதிரி சின்ன வேலையும் எழுதுங்க, அதத்தான் அதிகமா மறக்குறோம்.

வரி பக்கத்துல ரெண்டு குறிப்பு போடுங்க. ஒண்ணு, எந்த வழியா வந்துச்சுன்னு: நேர்ல சொன்னாங்களா, போன்ல பேசுனாங்களா, வாட்ஸ்அப்புல வந்துச்சா, உங்களுக்கே தோணுச்சா. இன்னொண்ணு, அது எப்ப நடக்கணும்னு: குறிச்ச மணிக்கு நடக்கணும்னா ‘மணி’, இந்தத் தேதிக்குள்ள முடிஞ்சாப் போதும்னா ‘நாள்’, எப்ப வேணா செய்யலாம்னா ‘சும்மா’. அந்த நேரத்துல உங்க கை எழுதவும் போன எடுக்கவும் முடியாத நிலையில இருந்துச்சுன்னா ஒரு வட்டம் போட்டுருங்க. மாவுக் கை, எண்ணெய்க் கை, வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தது எல்லாம் இதுல சேத்தி. வட்டம் போட்ட வரிய அப்புறமா கைய கழுவிட்டு எழுதுவீங்க, பரவாயில்ல.

ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடி அன்னைக்கு நடந்திருக்க வேண்டிய வேலையில மறந்து போனது எதெதுன்னு பாத்து பெருக்கல் குறி போடுங்க. நேரம் பத்தாம தள்ளிப்போனதுக்குப் போடாதீங்க, ஞாபகமே வராம விட்டதுக்கு மட்டும்தான். இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம், ஏன்னா நேரம் பத்தாததுக்கு நோட்டும் மருந்து இல்ல ஆப்பும் மருந்து இல்ல, அதுக்கு வேலையக் குறைக்கணும் இல்ல ஆள் போடணும்.

எந்த வாரத்துல செய்யுறீங்கன்னு கொஞ்சம் பாத்துக்கங்க. கல்யாண ஆர்டர நம்பி இருக்கிற தொழில்னா ஆடி மாசத்து வாரத்த வச்சு முடிவெடுத்தா தப்பாப் போயிடும், தீபாவளிக்கு முந்தின வாரமும் அப்படித்தான். சாதாரண வாரமா இருக்கணும்.

தாள எப்படிப் படிக்கிறது

மொத்தம் எத்தன வரி இருக்குங்கிறது பெரிய விஷயம் இல்ல. பெருக்கல் குறி விழுந்த வரிகள மட்டும் எடுத்து வச்சுப் பாருங்க. அது பெரும்பாலும் ‘மணி’ வரியில விழுந்திருந்தா உங்களுக்கு அடிக்கிற சத்தம் வேணும், அந்த வேலைய நோட்டுல எவ்வளவு அழகா எழுதி வச்சாலும் மறுபடி மறப்பீங்க. ‘சும்மா’ வரியில விழுந்திருந்தா அத யாரும் ஞாபகப்படுத்தாததுனால விழல, அது கண்ணுல படாததுனால விழுந்திருக்கு, அதுக்கு விரிச்சு வச்ச பக்கம்தான் சரி. இந்த மாதிரி வேலைக்கு ஆப்புல மணி வச்சா, மணி அடிக்கிற நேரத்துல நீங்க வேற எதோ செஞ்சுக்கிட்டு இருப்பீங்க, தள்ளி விட்டுட்டுப் போயிடுவீங்க.

‘நாள்’ வரியில விழுந்தா ரெண்டும் உதவும், அப்ப வழியப் பாருங்க. வாட்ஸ்அப்புல வந்த வேலையில முகவரி, போட்டோ, அளவு எல்லாம் ஏற்கனவே போன்லதான் இருக்கு, அத நோட்டுக்கு எடுத்து எழுதுறப்ப ஒரு கதவு எண்ணு மாறுனாலும் பார்சல் திரும்பி வரும், அதனால ஆப்பு பக்கம் சாயலாம். நேர்ல வாயால சொன்ன வேலை, அதுவும் வட்டம் போட்ட வரியா நிறைய இருந்தா, பென்சிலும் தாளும்தான் வேகம். ஈரக் கையோட போன் திரைய தொட்டா அது ஒண்ணு நினைச்சா ஒண்ணு அமுங்கும், தெரிஞ்ச கதைதான்.

கடைசியா ஒண்ணு கேளுங்க, இந்தப் பட்டியல வேற யாரு பாக்கணும்? கூட வேலை செய்யுறவங்க பாக்கணும், அவங்க கையில ஸ்மார்ட்போன் இல்லன்னா, மேல சொன்ன கணக்கு எப்படி வந்தாலும் சுவத்துல ஒரு தாள் தொங்கியாகணும். சென்னையில இருக்கிற பையன் பாக்கணும்னா பகிர்ந்துக்கிற மாதிரி ஆப்பு வேணும்.

ஒரு ஆச்சியோட வாரம்

எங்க பக்கத்துல பலகாரம் ஆர்டர் எடுத்து செய்யுற ஆச்சி ஒருத்தங்க இருக்காங்க. தேன்குழல், சீப்பு சீடை, மணகோலம், அதிரசம், மாவுருண்டை எல்லாம் கிலோக் கணக்குல போகும், கூட ரெண்டு பொம்பளையாளுங்க வேலைக்கு. அவங்க இப்படி ஒரு வாரம் தாள் எழுதுனாங்க, நாப்பது வரிக்குப் பக்கமா வந்துச்சு, அதுல ஒன்பது பெருக்கல் குறி. ஒன்பதுல அஞ்சு வாட்ஸ்அப் ஆர்டர், மூணு வரி ‘மணி’ சம்பந்தப்பட்டது (கூரியர் ஆளு நாலு மணிக்கு வர்றதுக்குள்ள பார்சல் கட்டணும், அந்த மாதிரி), ஒண்ணு தோணுன வேலை.

வாட்ஸ்அப் அஞ்சு ஏன் போச்சுன்னு உக்காந்து பாத்தோம். வர்றதுல பாதி சிங்கப்பூர் ஆளுங்க. அங்க நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அவங்க ஆபீஸ் போய் உக்காந்து ஒன்பது மணிக்கு மெசேஜ் போட்டா இங்க காலையில ஆறரை, ஆச்சி அந்த நேரம் மணகோலத்துக்கு வெல்லப்பாகு பதம் பாத்துக்கிட்டு இருப்பாங்க. பாக விட்டுட்டு வர முடியாது, ஒரு பார்வை பாத்துட்டு ‘சரி, அப்புறம் பாப்போம்’னு வச்சுருவாங்க. மெசேஜ திறந்த உடனே பச்சப் புள்ளி போயிடும், படிச்ச கணக்காயிடும், அதுக்கு மேல இருபது மெசேஜ் வந்து விழுந்தா அது கீழ போய் மறைஞ்சுரும். இதுல ஆச்சி ஞாபகசக்திய குறை சொல்ல ஒண்ணுமே இல்ல, படிச்சதும் செய்ய வேண்டியதும் ஒரே மாதிரி தெரியுது, அதான் காரணம்.

வெறும் குறியெண்ணிக்கைய மட்டும் பாத்தா ஆப்புன்னுதான் சொல்லணும், அஞ்சும் மூணும் எட்டாச்சே. ஆனா அந்த ரெண்டு ஆளும் ஆச்சி போனத் திறந்து பாக்கப் போறதில்ல, இன்னைக்கு எத்தன கிலோ தேன்குழல் பிழியணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும். அதனால பிரதானப் பட்டியல் நோட்டுன்னு முடிவாச்சு, போனுக்கு ரெண்டே ரெண்டு வேலை.

ஒண்ணு, மெசேஜ படிக்கிறப்ப ஆர்டர்னு தெரிஞ்சா அந்த மெசேஜ அழுத்திப் பிடிச்சு நட்சத்திரம் போடணும், அதுக்கு ஒரு விரல் போதும். சாயங்காலம் அடுப்ப அணைச்ச பிறகு உக்காந்து நட்சத்திரம் போட்டது எல்லாத்தையும் ஒண்ணொண்ணா எடுத்து, நோட்டுல டெலிவரி தேதிக்குக் கீழ ஏத்திட்டு, நட்சத்திரத்த எடுத்துரணும். முகவரிய எழுத வேணாம், பேரும் பலகாரமும் கிலோவும் மட்டும், முகவரி பார்சல் ஒட்டுறப்ப போன்ல இருந்தே பாத்துக்கலாம். இங்க பழைய செட்டியார் கடைகள்ல அன்னாடம் சிட்டையில எழுதுனத பேரேட்டுல ஏத்துற வழக்கம் இருந்துச்சே, அதே முறைதான் இது. நட்சத்திரம் மிச்சம் இருந்தா ஏத்துற வேலை முடியலன்னு அர்த்தம், சந்தேகமே வராது.

ரெண்டாவது, மணிக்கு நடக்கிற வேலை மட்டும் போன்ல. கூரியர் நாலு மணின்னா மூணு மணிக்கே அடிக்கணும், நாலு மணிக்கு இல்ல, பார்சல் கட்ட ஆகுற நேரத்தக் கழிச்சுத்தான் மணி வைக்கணும். நிறைய பேரு இத கவனிக்கிறதில்ல, மணி சரியா அடிக்கும், ஆனா வேலை முடிக்க நேரம் இருக்காது.

இதே ஆச்சி தனி ஆளா செஞ்சுக்கிட்டு இருந்தா நான் நோட்டே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்ட தங்கும் விடுதியா நடத்துறவங்க இருக்காங்க, அவங்களுக்கு புக்கிங் எல்லாம் போன்ல வரும், ஷிப்ட் மாறுற ஆளுங்க எல்லாரும் போன் வச்சிருப்பாங்க, தொட்டி கழுவுறது ஏசி சர்வீஸ்னு திரும்பத் திரும்ப வர்ற வேலை நிறைய, அங்க பகிர்ந்துக்கிற ஆப்பு மட்டும்தான் எடுபடும். ஆத்தங்குடி கல்லு பட்டறை மாதிரி நாள் பூரா கை சிமெண்ட்டுல இருக்கிற எடத்துல சுவத்துப் பலகைய மிஞ்சி எதுவும் இல்ல.

நோட்டுன்னு முடிவானா

தேதி அச்சடிச்ச டைரி வேணாம். ஆர்டர் இல்லாத நாளுக்குப் பக்கம் வீணாகும், ஆர்டர் குவியுற நாளுக்கு இடம் பத்தாது. சாதாரண கோடு போட்ட நோட்டுல நீங்களே தேதி எழுதிக்கங்க. முன்பக்கத்துல மாசத்துக்கு ஒரு பக்கம்னு பன்னெண்டு பக்கம் ஒதுக்கி, தூரத்துல இருக்கிற தேதிகள அதுல எழுதுங்க, ‘வைகாசி 10, சாந்தி கல்யாணம், அதிரசம் 200’ன்னு இருந்தாப் போதும். மாசம் பொறந்த அன்னைக்கு அந்தப் பக்கத்தப் பாத்து வேலைகள நாள் பக்கத்துக்கு மாத்தணும்.

நாள் பக்கத்துல, வேலைக்கு முன்னாடி ஒரு புள்ளி, முடிஞ்சா புள்ளி மேல பெருக்கல் குறி, நாளைக்குத் தள்ளுனா ஒரு அம்புக்குறி போட்டு நாளைப் பக்கத்துல மறுபடி எழுதுங்க. இது ரைடர் கேரல்ங்கிற அமெரிக்க டிசைனர் பரப்புன புல்லட் ஜர்னல் முறை, படம் வரையுறது கலர் பேனா எல்லாம் பின்னாடி மத்தவங்க சேத்துக்கிட்டது, தேவையில்ல. மறுபடி எழுதுறது தொல்லையா இருக்கும், அந்தத் தொல்லைதான் இந்த முறையோட பலன். ஒரே வரிய மூணாவது தடவையா கை வலிக்க எழுதுறப்ப இத உண்மையிலயே செய்யப் போறோமான்னு மனசு கேக்கும், அப்ப அடிச்சு விட்டுருங்க இல்ல யாருகிட்டயாவது குடுத்துருங்க. ஆப்புல அது தானா அடுத்த நாளுக்குப் போய் உக்காந்துக்கும், அந்தக் கேள்வி வரவே வராது.

சமையக்கட்டுல வைக்கிற நோட்டுன்னா பென்சில் வச்சுக்கங்க. எண்ணெய் பட்ட தாளுல பால்பாயிண்ட் பேனா வழுக்கிக்கிட்டு எழுதாது, சில ஜெல் பேனா மை தண்ணி பட்டா கரைஞ்சு ஓடும். வெளிய கிளம்புறப்ப அன்னைக்குப் பக்கத்த ஒரு போட்டோ எடுத்துக்கங்க, நோட்டு வீட்டுல இருந்தாலும் பட்டியல் கையில இருக்கும், நோட்டு தொலைஞ்சாலும் கடைசி நிலவரம் மிஞ்சும்.

ஆப்புன்னு முடிவானா

எந்த ஆப்புன்னு ரொம்ப அலைய வேணாம். நீங்க மட்டும் பாக்குற பட்டியல்னா Google Tasks, Microsoft To Do, Todoist மூணுல எதுவும் ஆரம்பத்துக்குப் போதும், மத்தவங்களோட பகிரணும்னா பின்னாடி சொன்ன ரெண்டுல ஒண்ணு எடுங்க. ஆனா வேலைய ஏத்துறதுக்கு முன்னாடி மணி சோதனை செஞ்சே ஆகணும். பத்து நிமிஷம் கழிச்சு அடிக்கிற மாதிரி ஒரு வேலை போட்டு, போனப் பூட்டி தள்ளி வச்சுருங்க. அடிச்சுதா? நாளைக்குக் காலையில அடிக்கிற மாதிரி இன்னொண்ணு போட்டு, ராத்திரி பூரா ஆப்பத் திறக்காம விடுங்க. முதல் சோதனை தேறி ரெண்டாவது தேறாத போன் நிறைய இருக்கு, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன்னு ஆண்ட்ராய்டு ரொம்ப நேரம் தொடாத ஆப்ப அடக்கி வச்சுரும். அப்ப செட்டிங்ஸ்ல அந்த ஆப்போட பேட்டரி பகுதிக்குப் போய் `Unrestricted`னு மாத்துங்க, சில கம்பெனி போன்ல `Autostart`னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் போட்டு விடுங்க. நோட்டிபிகேஷன் அனுமதி குடுத்திருக்கோமான்னும் பாத்துக்கங்க. சில ஆப்புல நேரத்துக்கு அடிக்கிற வசதிக்குக் காசு கேப்பாங்க, அதும் இந்தச் சோதனையில தெரிஞ்சுரும்.

அடுத்தது, தேதி போடுறதுல கஞ்சத்தனம் வேணும். எல்லா வேலைக்கும் இன்னைக்குன்னு தேதி போட்டா நாளைக்கே பாதி சிவப்பாயிடும், சிவப்பு பழகிப்போச்சுன்னா உண்மையான கெடுவும் அதுல கலந்து தெரியாமப் போயிடும். தவறுனா யாராவது கோவிச்சுக்குவாங்க இல்ல காசு போகும்னா மட்டும் தேதி போடுங்க, மிச்சத்துக்குத் தேதி இல்லாம விடுங்க. விட்ஜெட்ட முதல் திரையில வச்சுக்கங்க, அப்பதான் தேதி இல்லாத வேலை கொஞ்சமாவது கண்ணுல படும்.

திரும்பத் திரும்ப வர்ற வேலையில ரெண்டு வகை இருக்கு. கடை வாடகை அஞ்சாம் தேதின்னா போன தடவை எப்ப கட்டுனாலும் அடுத்தது அஞ்சாம் தேதிதான். ஏசி பில்டர் கழுவுறது அப்படி இல்ல, போன தடவை கழுவுன நாள்ல இருந்துதான் எண்ணணும். Todoist-ல இத ஒரு ஆச்சரியக்குறியில பிரிச்சு வச்சிருக்காங்க:

```
every 5th
every! 30 days
```

முதல் வரி நாள்காட்டிய வச்சு எண்ணும், ரெண்டாவது நீங்க முடிச்சு டிக் அடிச்ச நாள்ல இருந்து எண்ணும். இத மாத்திப் போட்டுட்டா, நேத்துதான் கழுவுன பில்டர இன்னைக்கு மறுபடி கழுவச் சொல்லும், ரெண்டு மூணு தடவை அப்படி ஆனா நீங்க அந்த ஆப்பு சொல்றத நம்புறதயே விட்டுருவீங்க.

ஒத்து வரலன்னு எப்படித் தெரியும்

மூணு வாரம் கழிச்சுப் பாருங்க. நோட்டுக்குள்ள துண்டுச் சீட்டு சேர ஆரம்பிச்சிருந்தா வேலை வர்ற எடத்துல நோட்டு இல்லன்னு அர்த்தம், நோட்ட நகத்துங்க இல்ல சின்ன நோட்டா மாத்துங்க. ஆப்புல மணி அடிச்ச உடனே படிக்காமலே விரல் தள்ளி விடுதுன்னா மணி அதிகமாயிடுச்சு, பாதிய எடுத்துருங்க, எடுத்தும் அப்படியே இருந்தா உங்க வேலை கண்ணுல பட வேண்டிய வகை, நோட்டுக்கு மாறுங்க. ஒரே வேலை நோட்டுலயும் ஆப்புலயும் இருக்கிறத பாத்தா உடனே ஒரு எடத்துல அழிச்சுருங்க. ஒண்ணுல முடிஞ்சதா இருக்கும் இன்னொண்ணுல பாக்கியா இருக்கும், அனுப்புன ஆர்டரையே மறுபடி பொட்டலம் கட்டுறது இப்படித்தான் நடக்குது. ரெண்டையும் வச்சுக்கலாம், ஆச்சி வச்சிருக்காங்களே, ஆனா எந்த வகை வேலை எதுலங்கிற கோடு முன்னாடியே போட்டிருக்கணும்.

வேலைக்குப் புது ஆள் சேத்தாலோ, நேர்ல வந்துக்கிட்டிருந்த ஆர்டர் வாட்ஸ்அப்புக்கு மாறுனாலோ பழைய முடிவு செல்லாது, அந்த நாலா மடிச்ச தாள மறுபடி ஒரு வாரம் எழுதிப் பாத்துட்டு மாத்திக்கங்க.